ஏழு துண்டு கனசதுரம்: ஆறு துண்டு உட்காருகிறது, ஏழாவது மாட்டேன் என்கிறது

புளியரை மணி

வணக்கம். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு மர அறுவை மில்லில் ரப்பர் மரத் துண்டுகளைக் கட்டாகக் கொடுத்தார்கள். அதை 20 மி.மீ. சதுரச் சட்டமாக இழைத்து, அறுத்து, என் மகளுக்காக அந்த ஏழு துண்டு சோமா கனசதுரத்தைச் செய்தேன். மூன்று கட்டையில் ஒரு துண்டு, நான்கு கட்டையில் ஆறு துண்டு, மொத்தம் 27 கட்டை. எல்லாம் சேர்ந்தால் மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என்று ஒரு பெரிய கட்டை வர வேண்டும்.

பதினொரு நாளாக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆறு துண்டு உட்கார்ந்துவிடுகிறது. கடைசியில் மிஞ்சும் குழியின் வடிவமும் கையில் இருக்கும் துண்டின் வடிவமும் வேறு வேறாக இருக்கின்றன. நான் செய்த துண்டிலேயே தப்பா, இல்லை அடுக்கத் தெரியவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்கிறாள்.

குமுளி ரவி

அண்ணே, முதலில் ஒரு பக்கத்தில் வெள்ளை நிறத்தில் கூட்டல் குறி வர வையுங்கள். அப்புறம் மூலைகளைச் சரி செய்துவிட்டு நடு அடுக்குக்குப் போங்கள். என் தம்பி மகன் ஒரு நிமிஷத்துக்குள் முடிக்கிறான். மனப்பாடமாக ஏழெட்டுத் திருப்பல் தெரிந்தால் போதும்.

புளியரை மணி

ரவி, நீங்கள் சொல்வது திருப்பி விளையாடும் வண்ணக் கட்டை. இதில் திருப்புவது எதுவும் இல்லை. ஏழு தனித்தனி மரத் துண்டுகள், அவற்றைச் சேர்த்து அடுக்க வேண்டும்.

வாளையாறு செந்தில்

இதற்கு 240 விதமான விடை இருக்கிறது. சுழற்றியதையும் கண்ணாடிப் பிம்பத்தையும் தனியாக எண்ணாமலே 240. அத்தனை வழி இருக்கும்போது பதினொரு நாளில் ஒன்றுகூட வரவில்லை என்றால் துண்டுதான் தப்பு. நேராக மூன்று கட்டையோ, இரண்டுக்கு இரண்டு சதுரமோ செய்துவிட்டீர்களா என்று பாருங்கள். உள்ளே மடங்காத வடிவம் எதுவும் இதில் கிடையாது.

நகரி கணக்கு டீச்சர்

செந்தில் சொன்ன 240 சரி. ஜான் கான்வே, ரிச்சர்ட் கை என்ற இரண்டு கணக்கு வல்லுநர்கள் 1961இல் கையாலேயே எண்ணி முடித்தது. ஆனால் 240 இருக்கிறது என்பதால் சும்மா அடுக்கினால் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் எத்தனை விதமாகத் திருப்பி எத்தனை இடத்தில் வைக்கலாம் என்று பார்த்தால், தப்பான வழிகள் அதைவிடப் பல மடங்கு.

மணி, பேசுவதற்கு வசதியாகத் துண்டுகளுக்கு எண் போட்டுக்கொள்வோம். பென்சிலால் எழுதிவிடுங்கள்.

1 என்பது மூன்று கட்டை வளைவு. 2 என்பது எல் வடிவம். 3 என்பது டி வடிவம். 4 என்பது இசட். 5ம் 6ம் முறுக்கிய துண்டுகள், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். 7 என்பது முக்காலி, ஒரு கட்டையிலிருந்து மூன்று பக்கம் மூன்று கால்.

இப்போது ஒரே ஒரு சோதனை. மற்றதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு 5ஐயும் 6ஐயும் மட்டும் கையில் எடுங்கள். இரண்டும் சேர்ந்து இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டு என்று ஒரு குட்டிக் கனசதுரம் வருகிறதா?

புளியரை மணி

வருகிறது டீச்சர்! இடைவெளியே இல்லாமல் அழகாகக் கவ்விக்கொள்கிறது. மகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது, அந்தக் குட்டிக் கட்டையைத் தனியாக எடுத்து விளையாடுகிறாள்.

நகரி கணக்கு டீச்சர்

அப்படியானால் துண்டு தப்பு. குட்டிக் கனசதுரத்திலிருந்து ஒரு முறுக்குத் துண்டை உருவி எடுத்தால், மிஞ்சுவது அதே பக்கம் முறுக்கிய இன்னொரு துண்டுதான். எதிர்ப்பக்கம் முறுக்கியதை எப்படித் திருப்பினாலும் அந்த இடத்தில் உட்காராது. ஆகவே உங்களிடம் இருப்பது ஒரே துண்டு இரண்டு பிரதி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகச் செய்யுங்கள்.

புளியரை மணி

புரிந்துவிட்டது. ஒட்டுவதற்கு ஒரு பலகையில் இரண்டு ரீப்பர் அடித்து அச்சு மாதிரி வைத்திருந்தேன். இரண்டையும் அதே அச்சில் வைத்து ஒட்டினேன். இரண்டும் ஒன்றுபோல வந்ததும் வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்ப்பக்கத்தை எப்படி ஒட்டுவது? மனசுக்குள் திருப்பிப் பார்த்தால் குழம்புகிறது.

கொழிஞ்சாம்பாறை பட்டறை

மணி அண்ணே, நான் தச்சு வேலைக்காரன். இந்த செட்டை ஊர்ப் பிள்ளைகளுக்காக நாலைந்து தடவை செய்திருக்கிறேன். நீங்கள் 27 கட்டையாக அறுத்து ஒட்டினீர்களா? அப்படிச் செய்தால் இன்னொரு தொந்தரவும் வரும். கட்டையின் வெட்டு முகம், அதாவது ரம்பம் குறுக்கே போன முகம், பசையை உறிஞ்சிவிடும். பிள்ளைகள் இரண்டு தடவை கீழே போட்டால் அந்த இடத்தில்தான் விட்டுப்போகும்.

நான் 27ஆக அறுப்பதே இல்லை. 60 மி.மீ. நீளத்தில் இரண்டு, 40இல் எட்டு, 20இல் ஐந்து. இவ்வளவுதான். எல்லுக்கும் டிக்கும் ஆளுக்கொரு 60, அதன் பக்கவாட்டில் ஒரு 20. வளைவுக்கு ஒரு 40, பக்கவாட்டில் ஒரு 20. இசட்டுக்கு இரண்டு 40, பக்கத்தில் பக்கம் படுக்க வைத்து ஒரு கட்டை அளவு தள்ளி ஒட்டினால் ஆச்சு. முக்காலிக்கு ஒரு 40ஐ நிறுத்தி, அடிக்கட்டையின் இரண்டு பக்கத்தில் ஒவ்வொரு 20. அந்த இரண்டு பக்கமும் எதிரெதிராக இருக்கக் கூடாது, அடுத்தடுத்து இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒட்டும் இடம் எல்லாமே 40, 60 கட்டைகளின் பக்கவாட்டு முகத்தில் வரும். 20ஐ ஒட்டும்போது மட்டும் அதன் வெட்டு முகம் ஒட்டுக்குள் போகாமல் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

முறுக்குத் துண்டும் இரண்டு 40தான். ஒரு 40ஐ மேஜையில் உங்களிடமிருந்து எட்டிப்போகிற மாதிரி படுக்க வையுங்கள். இன்னொரு 40ஐ அதன் தூர முனைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்துங்கள். வலது பக்கத்தில் நிறுத்தி ஒட்டினால் ஒன்று, இடது பக்கத்தில் நிறுத்தி ஒட்டினால் மற்றது. மனசுக்குள் எதையும் திருப்ப வேண்டியதில்லை.

பெவிகால் பிதுங்கினால் அப்போதே ஈரத்துணியால் துடையுங்கள். உள்மூலையில் ஒரு துளி அளவு காய்ந்து நின்றாலும் பக்கத்துத் துண்டு முழுசாக உட்காராது. அது கண்ணுக்குத் தெரியாது. அடுக்கி முடித்த பிறகு ஏதோ ஒரு பக்கம் ஒரு நூல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

வாளையாறு செந்தில்

ஒரே பக்கம் முறுக்கிய இரண்டு துண்டை வைத்தும் பெரிய கனசதுரம் வராது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா டீச்சர்? 27 கட்டை கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

நகரி கணக்கு டீச்சர்

நல்ல கேள்வி செந்தில். எனக்குத் தெரிந்த எண்ணிக்கை வாதங்கள் எதுவும் அதைத் தடுக்காது, ஏனென்றால் பெரிய கனசதுரத்தின் மூலைகளை எண்ணினாலும், கட்டைகளுக்குச் சதுரங்கப் பலகை மாதிரி நிறம் போட்டு எண்ணினாலும், இடமுறுக்கும் வலமுறுக்கும் ஒன்றுதான். முடியாது என்று நான் சொல்லவில்லை. அது இந்தப் புதிர் இல்லை, 240 விடைகளும் அதற்குப் பொருந்தாது என்றுதான் சொல்கிறேன்.

புளியரை மணி (மூன்று நாள் கழித்து)

பட்டறைக்காரர் சொன்னபடி புது முறுக்குத் துண்டு செய்துவிட்டேன். 5ம் 6ம் இப்போது குட்டிக் கனசதுரமாகச் சேரவில்லை. மகளுக்குக் கொஞ்சம் வருத்தம், அந்தப் பழையதைத் தனியாக வைத்துக்கொண்டாள்.

ஆனால் இன்னும் விடை வரவில்லை. நான் எப்படி ஆரம்பிக்கிறேன் என்றால், 3ஆம் எண் டியை அடி அடுக்கில் நடுவில் படுக்க வைக்கிறேன். அதன் நீளமான மூன்று கட்டை அடியின் நடுக்கோட்டில் குறுக்கே போகும், மூக்கு ஒரு பக்க விளிம்பின் நடுவைத் தொடும். அதைச் சுற்றி மற்றதை அடுக்குகிறேன். நடுவில் நன்றாக ஊன்றி நிற்கிறதே என்று எப்போதும் அப்படித்தான்.

நகரி கணக்கு டீச்சர்

மணி, அந்த முதல் துண்டிலேயே ஆட்டம் முடிந்துபோகிறது. மீதி ஆறை எப்படி அடுக்கினாலும் வராது. ஏன் என்று கையில் துண்டை வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

பெரிய கனசதுரத்துக்கு 8 மூலை. ஒவ்வொரு மூலையிலும் யாராவது ஒரு துண்டின் கட்டை இருந்தே ஆக வேண்டும். இப்போது ஒவ்வொரு துண்டும் அதிகபட்சம் எத்தனை மூலையைப் பிடிக்க முடியும் என்று பாருங்கள். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் நடுவில் ஒரு கட்டை இருக்கிறது. ஆகவே இரண்டு மூலையைப் பிடிக்க வேண்டும் என்றால் துண்டில் நேராக மூன்று கட்டை இருக்க வேண்டும். அப்படி மூன்று கட்டை நீளம் உள்ளவை எல்லும் டியும் மட்டும்தான். அவை இரண்டும் ஆளுக்கு இரண்டு மூலை. மற்ற ஐந்தும் ஆளுக்கு ஒன்று. மொத்தம் 9. தேவை 8.

ஆகவே ஒரே ஒரு மூலையைத்தான் விட்டுக்கொடுக்க முடியும். இங்கேதான் டியின் குணம் வருகிறது. டியின் நீளத்தை ஒரு விளிம்போடு வைத்தால் இரண்டு மூலையும் கிடைக்கும். வேறு எங்கே வைத்தாலும் ஒரு மூலைகூடக் கிடைக்காது, ஏனென்றால் மூக்கு நடுக்கட்டையிலிருந்து கிளம்புகிறது, அது மூலைக்குப் போகவே முடியாது. டிக்கு ஒரு மூலை என்ற நிலையே கிடையாது, இரண்டு அல்லது சுழியம். நீங்கள் வைத்த விதத்தில் சுழியம். மிச்சம் ஆறு துண்டும் முழுசாகப் பிடித்தாலும் 7 மூலைதான்.

அதனால் டியின் நீளம் கனசதுரத்தின் விளிம்பில்தான் படுக்க வேண்டும். 240 விடையிலும் இது அப்படியே.

வாளையாறு செந்தில்

இதையேதான் நான் வேறு மாதிரி படித்திருக்கிறேன். சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளை போட்டுப் பார்த்தால், முக்காலியின் நடுக்கட்டை எப்போதும் பெரிய கனசதுரத்தின் மூலையில்தான் வரும். அதனால் முதலில் டியை விளிம்பில், அப்புறம் முக்காலியை மூலையில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நகரி கணக்கு டீச்சர்

பாதி சரி தம்பி. நிறக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். மூலைகளைக் கறுப்பு என்று வைத்துக்கொண்டால், ஒன்றுவிட்டு ஒன்று போகும்போது ஆறு முகங்களின் நடுவும் கறுப்பாகும். மொத்தம் 14 கறுப்பு. விளிம்பு நடுக்கள் 12ம், உள்ளே யார் கண்ணுக்கும் தெரியாத மையக் கட்டையும் வெள்ளை, மொத்தம் 13.

2, 4, 5, 6 ஆகிய நான்கும் எங்கே வைத்தாலும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை. அது 8 கறுப்பு. டி விளிம்பில்தான் படுக்கும் என்று பார்த்தோம், அப்போது அதன் இரண்டு முனையும் மூக்கும் கறுப்பு, மொத்தம் 3. இதுவரை 11. மீதி 3 கறுப்பை வளைவும் முக்காலியும் சேர்ந்து கொடுக்க வேண்டும். முக்காலியின் நடுக்கட்டை வெள்ளையில் நின்றால் அதன் மூன்று காலும் கறுப்பு, அப்போது வளைவுக்குக் கறுப்பே மிஞ்சாது. வளைவில் ஒரு கறுப்பாவது வந்தே தீரும். ஆகவே முக்காலியின் நடு கறுப்பில்தான் நிற்க வேண்டும்.

இங்கே நீங்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கறுப்பு என்றால் மூலை மட்டும் இல்லை, முகத்தின் நடுவும் கறுப்பு. முக்காலி ஒரு முகத்தின் நடுவில் உட்கார்ந்து, ஒரு காலை உள்ளே மையத்துக்கு நீட்டினாலும் நிறக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது அது எந்த மூலையையும் பிடிக்காது. விட்டுக்கொடுக்கக் கூடிய அந்த ஒரு மூலையை முக்காலியே செலவழித்துவிடும். மற்றவர்கள் எல்லாம் முழுசாகப் பிடிக்க வேண்டியதுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. எல்லோ டியோ மையக் கட்டையில் ஒருபோதும் வராது. எல் மையத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் அதன் நீளம் மையத்தின் ஊடே போக வேண்டும், அப்போது இரண்டு மூலையும் போய்விடும். அவ்வளவு இழக்க நமக்கு வசதி இல்லை.

கொழிஞ்சாம்பாறை பட்டறை

டீச்சர் கணக்கைப் படித்துவிட்டு எங்கள் செட்டை எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் கைப்பழக்கத்தில் டியை ஓரத்தில்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. என் பழக்கம் இன்னொன்று: முக்காலியை முதலில் வைக்கவே மாட்டேன். நீளமான துண்டுகளை அடியில் போட்டுவிட்டு, முக்காலியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். மூலையில் மூடி மாதிரி மேலிருந்து இறங்கும்.

புளியரை மணி (மறுநாள் இரவு)

வந்துவிட்டது!

டியை அடியில் ஓர் ஓரத்தில் வைத்தோம். எல் துண்டை எதிர் ஓரத்தில் வைத்தோம், அதன் கால் டியை நோக்கி மடங்கியது. அடி அடுக்கில் ஒரே ஒரு குழி மிஞ்சியது. அதில் எது இறங்கும் என்று மகள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். முதலில் முக்காலியின் ஒரு காலை இறக்கினோம், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம், வரவில்லை. அப்புறம் இசட்டை நிமிர்த்தி, ஒரு காலைக் குழியில் விட்டு, மறுபக்கம் மேல் மூலை வரை ஏற விட்டாள். அங்கிருந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மூன்று அடுக்கையும் மேலிருந்து பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். இடமிருந்து வலம் அடி, நடு, மேல் அடுக்கு.

```
3 3 3    7 1 4    7 7 4
2 3 4    1 1 4    7 5 6
2 2 2    5 6 6    5 5 6
```

அடுக்குகிற வரிசை: 3, 2, அப்புறம் 4, 1, 6, 5, கடைசியில் 7. ஆறை ஐந்துக்கு முன்னால் வைக்க வேண்டும். ஐந்தை முதலில் வைத்தால் அதன் கை குறுக்கே வந்து ஆறு மேலிருந்து இறங்கும் வழியை மறித்துவிடுகிறது. பட்டறைக்காரர் சொன்ன மாதிரியே முக்காலி மேலிருந்து மூடியாக இறங்கியது. அதை மகள் ஒன்பது தடவை எடுத்து எடுத்துப் போட்டாள்.

நகரி கணக்கு டீச்சர்

மணி, ரொம்பச் சந்தோஷம். மூலைகளை எண்ணிப் பார்த்தேன். டிக்கு அடியில் இரண்டு, எல்லுக்கு அடியில் இரண்டு. மேலே நான்கு மூலையில் 7, 4, 5, 6 ஆளுக்கு ஒன்று. மொத்தம் எட்டு. மூலை கிடைக்காத ஒரே துண்டு உங்கள் 1, அந்த வளைவு. அதன் மடங்குகிற கட்டைதான் பெரிய கனசதுரத்தின் மையத்தில் ஒளிந்திருக்கிறது.

முக்காலியின் காலைக் குழியில் இறக்கியபோது என்ன ஆனது என்றும் யோசித்துப் பாருங்கள். கால் குழிக்குள் போனால் அதன் நடு பக்க முகத்தின் மையத்துக்கு வந்துவிடும், இன்னொரு கால் உள்ளே போகும். மூலையைச் செலவழித்த நிலை அது. கணக்கு அதைத் தடுக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில் உங்கள் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், அதே அடி அடுக்கோடு அப்படி ஆரம்பித்தாலும் விடை வருகிறது. மூலைக் கணக்கும் நிறக் கணக்கும் எது ஆகாது என்று மட்டும்தான் சொல்லும். ஆகும் என்று சொல்லக் கையால் அடுக்கித்தான் பார்க்க வேண்டும்.

வாளையாறு செந்தில்

அப்படியானால் மையத்தில் வளைவு வருவதுதான் வழக்கமா?

நகரி கணக்கு டீச்சர்

இல்லை, இந்த விடையில் அப்படி. முறுக்குத் துண்டால் மையத்தையும் அதற்கு எதிரே உள்ள மூலையையும் ஒருசேரப் பிடிக்க முடியும், அதன் இரண்டு முனையும் அப்படி எதிரெதிராகத்தான் இருக்கின்றன. ஆகவே அது மையத்தில் வந்தாலும் நமக்கு மூலை நஷ்டம் இல்லை. மணி, அடுத்த விடை தேடும்போது மகளை அப்படி ஆரம்பித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குமுளி ரவி

நான் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். இதை மரத்தில்தான் செய்ய வேண்டுமா? இங்கே ஏலக்காய் கட்டும் சின்ன அட்டைப் பெட்டி நிறைய கிடக்கும். எல்லாம் ஒரே அளவு, ஆனால் கனசதுரம் இல்லை, நீளம் கொஞ்சம் அதிகம். அதை ஒட்டிச் செய்தால் வருமா?

கொழிஞ்சாம்பாறை பட்டறை

வராது ரவி. துண்டைத் திருப்பும்போது நீளப் பக்கம் அகலப் பக்கத்தோடு வந்து நிற்கும், இடைவெளி விழும். மூன்று பக்கமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு கட்டையிலும் கால் மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் மூன்று சேரும்போது முக்கால் மி.மீ. ஆகிவிடும், கைக்கே தெரியும்.

மணி அண்ணனுக்கும் இதையே சொல்ல நினைத்தேன். உங்கள் பக்கம் சாரல் தொடங்கினால் ரப்பர் மரம் ஈரம் குடிக்கும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் ஊதும். 60 நீளக் கட்டை 60ஆகவே இருக்கும், அதன் பக்கத்தில் குறுக்கே அடுக்கிய மூன்று கட்டை கொஞ்சம் அதிகமாகிவிடும். துண்டுகளின் எல்லா முனையையும் இப்போதே உப்புத்தாளில் லேசாக மழுக்கிவிட்டு, வெட்டு முகத்துக்கு இரண்டு கை வார்னிஷ் கூடுதலாக அடியுங்கள். வைக்கப் பெட்டி செய்வதாக இருந்தால் உள்ளளவு 60 வைக்காதீர்கள், 62 வையுங்கள்.

புளியரை மணி

பெட்டி ஏற்கெனவே செய்துவிட்டேன், உள்ளே சரியாக 60தான். இன்று காலை இறுக்கமாகத்தான் இறங்கியது, வெளியே எடுக்கக் கவிழ்த்துத் தட்ட வேண்டியிருந்தது. ஒரு பக்கப் பலகையைக் கழற்றி இழைத்துவிடுகிறேன்.

மகள் அந்தப் பழைய முறுக்குத் துண்டைத் தூக்கிப் போட விடவில்லை. ஒரே பக்கம் முறுக்கிய இரண்டையும் மற்ற ஐந்தையும் வைத்துப் பெரிய கட்டை வருகிறதா என்று செந்தில் மாமா கேட்டதைத் தானே பார்க்கப் போகிறாளாம். டியை விளிம்பில் வைத்துத்தான் ஆரம்பித்திருக்கிறாள்.